பத்து விழுக்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஆய்வேடுகள்

ஆய்வேடு ஒப்படைக்கும் காலம் நெருங்கும்போது பெங்களூரின் ஆய்வு மாணவர் விடுதிகளில் ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேச்சு நிகழ்கிறது. "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று ஒருவர் கேட்கிறார், "பதினேழு" என்று மற்றவர் சோர்வுடன் சொல்கிறார். அது மதிப்பெண் அன்று, ஒப்புமை விழுக்காடு. அடுத்த ஒரு வாரம் அம்மாணவர் செய்யும் வேலையை 'திருத்தம்' என்று அழைக்கிறோம். உண்மையில் அவர் செய்வது, வண்ணமிட்டுக் காட்டப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று நான்கு சொற்களைப் பெயர்த்தெடுத்து, அகராதியிலிருந்து வேறு சொற்களைப் பதிப்பதாகும். எண் ஒன்பதாகக் குறைகிறது, ஆய்வேடு ஏற்கப்படுகிறது. அந்த ஒரு வாரத்தில் ஆய்வேடு மேம்பட்டதா, சிதைந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்று, அதில் ஆய்வு எழுத நேர்ந்த நம் முதுகலை, முனைவர்ப் பட்ட மாணவர்களின் முதன்மையான இடர்ப்பாடு இலக்கணப் பிழையன்று என்பது என் கருத்து. 'தி' எங்கே வரவேண்டும், 'அ' எங்கே வரவேண்டும் என்பதில் தடுமாறுகிறோம், உண்மைதான். ஆயினும் அத்தகைய பிழைகளை நல்ல நண்பர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம். பிறர் சொன்னதை நம் சொற்களில் எடுத்துரைக்க முடியாமை அவ்வாறு திருத்தக் கூடியதன்று. யார் சொன்னார், எதைக் கண்டு சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொன்னார், அவர் சொன்னது எங்கே முடிந்து நம் கருத்து எங்கே தொடங்குகிறது ஆகிய நான்கையும் வாசகருக்குத் தெளிவாக்கும் திறன் அது. முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இரண்டாம் இயல் முழுவதும் இத்திறன் மீதே நிற்கிறது. இதை எந்த வகுப்பிலும் எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருப்பின், ஆறு மாதங்களுக்கு மிகாத காலத்திற்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருப்பின், திருத்திய படியை ஓராண்டு வரை ஒப்படைக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். மேற்கோள் குறியிட்டு மூலம் சுட்டியவை, துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரா. தற்செயலாகவோ பொது அறிவின் பாற்பட்டோ அமையும் 14 தொடர்ச்சொற்கள் வரையிலான ஒற்றுமைக்கும் விதி இடந்தருகிறது. அதாவது, விதி நாம் அஞ்சுகிற அளவுக்குக் கண்மூடித்தனமானதன்று. அதே விதி, ஆய்வு நேர்மையைப் பாடத்திட்டத்தில் கட்டாயப் பகுதியாக்கவும் பருவந்தோறும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தவும் கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது.

நடைமுறையில் விதியின் ஒரு பாதி மட்டுமே நம்மை வந்தடைந்தது. 2019இல் இன்ஃப்ளிப்நெட் மையம் 'சோத்சுத்தி' திட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை காணும் மென்பொருளை வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் 'ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி' என்னும் இரண்டு கிரெடிட் பாடம் முனைவர்ப் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. முப்பது மணி நேரம், ஆறு அலகுகள். மெய்யியலும் அறமும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு அறநெறி, திறந்த அணுக்க வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் என அவை அமைந்துள்ளன. இவற்றுள் ஒன்றேனும், ஒரு மூலக் கட்டுரையைப் படித்துவிட்டு அதன் கருத்தை மூன்று வாக்கியங்களில் எப்படி எழுதுவது என்பதற்கானதன்று. குற்றம் எது என்று விரிவாகச் சொல்லித்தந்தோம். குற்றமற்ற எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்லித்தரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அகராதியும் சொல் மாற்றும் மென்பொருளும் புகுந்தன.

மூலத்தின் வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் 'பேட்ச்ரைட்டிங்' என்பர். 1990களில் ரெபெக்கா மூர் ஹவர்ட் என்னும் அமெரிக்க எழுத்துக்கல்வி அறிஞர் இச்சொல்லை ஆய்வுலகில் நிலைபெறச் செய்தார். தமிழில் 'ஒட்டுத்துணி எழுத்து' எனலாம். இதைத் திருட்டு என்று உடனே முத்திரை குத்தக்கூடாது, புதிய துறையின் மொழியைக் கற்கத் தொடங்குபவர் கடந்து செல்லும் ஒரு கட்டம் இது என்பது ஹவர்டின் வாதம். டயான் பெக்கொராரி 2003இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் பயின்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத 17 பட்டமேற்படிப்பு மாணவர்களின் எழுத்தை அவர்கள் பயன்படுத்திய மூலங்களுடன் ஒப்பிட்டது. ஒட்டுத்துணி எழுத்து அவர்களிடம் பரவலாக இருந்தது, ஏமாற்றும் நோக்கம் காணப்படவில்லை.

இதை இரண்டாம் மொழிக்காரர்களின் குறை என்று எண்ணிவிடவும் வேண்டா. ஹவர்டும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2010இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 18 கட்டுரைகளை ஆராய்ந்தனர். அவற்றில் 16இல் ஒட்டுத்துணி எழுத்து இருந்தது. அதைவிட முக்கியமான கண்டறிதல் வேறொன்று. ஒரு கட்டுரையில்கூட, எந்த மூலத்தையும் முழுமையாக உள்வாங்கிச் சுருக்கிச் சொன்ன பகுதி இல்லை. மாணவர்கள் நூல்களிலிருந்து எழுதவில்லை. நூல்களில் கிடைத்த தனித்தனி வாக்கியங்களிலிருந்து எழுதினர். நம்முடைய இரண்டாம் இயல்களும் இவ்வாறே உருவாகின்றன. வேறுபாடு ஒன்றுதான்: அகராதியிலிருந்து எடுக்கும் மாற்றுச் சொல் அவ்விடத்திற்குப் பொருந்துமா என்று உணரும் செவி அவர்களுக்கு உண்டு, நமக்கு அது பல நேரங்களில் வாய்ப்பதில்லை.

பொருந்தாத சொல் எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். கீழே வரும் பத்தி எந்த நூலிலும் உள்ளதன்று. விளக்கத்திற்காக நானே புனைந்தது. ஆங்கிலத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள், வாசிப்பு வசதிக்காகத் தமிழில் தருகிறேன். ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாயை இவ்வூரில் ராஜகாலுவை என்பார்கள்.

மூலம்: "நகர ஏரிகளின் கொள்ளளவு குறைந்ததற்கு வண்டல் படிவதே முதன்மைக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. நாங்கள் ஆராய்ந்த மூன்று ஏரிகளில், வண்டலைக் காட்டிலும் ராஜகாலுவைகள் அடைபட்டதே ஏரி நிரம்பாமைக்குக் காரணமாக இருக்கலாம் எனத் தோன்றுகிறது. ஆகவே கால்வாய்களைச் சீரமைக்காமல் ஏரியை மட்டும் தூர்வாருவது நீடித்த பயன் தராது."

மாணவரின் 'திருத்திய' வடிவம்: "பட்டணத்து நீர்நிலைகளின் கொள்திறன் குன்றியமைக்குச் சேறு சேர்வதே பிரதானக் காரணமாகும். மூன்று ஏரிகளில் நிகழ்த்திய ஆய்வில், சேற்றைவிட ராஜகாலுவைகள் தடைபட்டதே ஏரி நிரம்பாமைக்குக் காரணம் என நிரூபிக்கப்பட்டுள்ளது. எனவே வடிகால்களைப் பழுதுபார்க்காமல் ஏரியை மட்டும் சுத்தம் செய்வது நிரந்தரப் பயன் அளிக்காது." பத்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும்.

மென்பொருள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, விழுக்காடு குறைந்துவிடும். ஆனால் பொருளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் 'எனப் பொதுவாகக் கருதப்படுகிறது' என்பது உதிர்ந்துவிட்டது. மூல ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய கருத்து, இப்போது அவருடைய சொந்தக் கருத்தாகிவிட்டது. அதனால் முதல் வாக்கியமும் இரண்டாம் வாக்கியமும் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன. 'இருக்கலாம் எனத் தோன்றுகிறது' என்ற எச்சரிக்கையான கூற்று 'நிரூபிக்கப்பட்டுள்ளது' ஆகிவிட்டது. மூன்று ஏரிகளைக் கண்டவர் சொல்லத் துணியாததை அவர் வாயில் திணித்தாயிற்று. தூர்வாருதல் என்பது படிந்த வண்டலை அகழ்ந்து எடுப்பது. சுத்தம் செய்தல் என்பது ஆகாயத்தாமரையை அகற்றுவதாகவும் இருக்கலாம். மழைநீர்க் கால்வாய் வடிகாலாக மாறியதும் சாக்கடை என்ற பொருள் ஏறிவிடுகிறது. நேர்மையாகப் படியெடுத்து மேற்கோள் குறியிட்டிருந்தால் இத்தீங்குகளில் ஒன்றும் நேர்ந்திராது. எண்ணுக்கு அஞ்சி எழுதியதால் நேர்ந்தவை இவை.

இது மிகையன்று. 2021இல் கியோம் கபனாக் முதலிய ஆய்வாளர்கள், வெளியான அறிவியல் கட்டுரைகளில் இத்தகைய விபரீதச் சொற்றொடர்களைத் தேடித் தொகுத்தனர். மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் 'பிரெஸ்ட் கேன்சர்' என்ற தொடர், 'புசம் பெரில்' என்று, அதாவது 'நெஞ்சத்து அபாயம்' என்று மாறிப்போய் அச்சேறியிருந்தது. சொல் மாற்றும் மென்பொருளின் கைவண்ணம் அது.

நம் நாட்டில் மனப்பாடக் கல்வி மரபு வேரூன்றியிருப்பதால் பிறர் சொல்லையும் தன் சொல்லையும் பிரித்தறியும் வழக்கமே நமக்கு இல்லை என்று சிலர் விளக்கம் தருகின்றனர். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. பிறர் கூற்றைப் பிரித்துக் காட்டும் கருவிகள் தமிழ் இலக்கணத்திலேயே அமைந்துள்ளன. ஒருவர் கூற்று முடியும் இடத்தில் 'என்று' வந்து வேலியிடுகிறது. நாமே காணாத, கேள்வியுற்ற செய்திக்கு 'ஆம்' சேர்க்கிறோம். 'மழை பெய்தது' என்பதும் 'மழை பெய்ததாம்' என்பதும் ஒன்றல்ல என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். கன்னடத்தில் அதே வேலையை 'அந்தெ' செய்கிறது. உரை மரபைப் பாருங்கள்: தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முந்தைய உரையாசிரியரின் கருத்தை எடுத்துரைத்து, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி, அதன் பின்னரே தம் முடிவைச் சொல்வார். முன்னாய்வுகளை மதிப்பிடும் இயலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமோ?

அப்படியாயின் இடர்ப்பாடு எங்கே தோன்றுகிறது? இரு மொழிகளும் வேலியை வெவ்வேறு இடங்களில் போடுகின்றன. தமிழில் வேலி கூற்றின் முடிவில் வருகிறது. எவ்வளவு நீண்ட கூற்றாயினும், 'என்று அவர் கருதுகிறார்' என்றதும் அது அங்கே முடிந்தது எனத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'அக்கார்டிங் டு' என்று முதலிலேயே ஆசிரியரைச் சுட்டிவிட்டுக் கூற்று தொடங்குகிறது. எங்கே முடிகிறது என்பதற்குத் தனி அடையாளம் இல்லை. நம் மாணவர் முதல் வாக்கியத்தில் ஆசிரியரைச் சுட்டிவிட்டு அடுத்த நான்கு வாக்கியங்களைச் சுட்டாமல் எழுதுகிறார். தம் மனத்தில் அவை அனைத்தும் அந்த ஆசிரியருடையவை. வாசகர் கண்ணுக்கோ முதல் வாக்கியம் அவருடையது, எஞ்சிய நான்கும் மாணவருடையவை. திருட்டுக் குற்றச்சாட்டு எழுவது பெரும்பாலும் இந்த நான்கு வாக்கியங்களில்தான். பத்தியின் இறுதியில் மட்டும் மூலத்தைச் சுட்டுவது, தமிழின் 'என்று' போல அது பின்னோக்கிச் சென்று பத்தி முழுவதையும் தழுவிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பிறக்கும் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு அந்த ஆற்றல் இல்லை.

இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் தீர்வும் அதிலிருந்தே கிடைக்கும். நண்பர்களின் வரைவுகளை வாசித்துக் கொடுக்கும்போது நான் பரிந்துரைக்கும் முறை நான்கு படிகளைக் கொண்டது.

முதற்படி, வாசிப்பு. கட்டுரையின் ஒரு பகுதியை முழுமையாகப் படியுங்கள். வாக்கியங்களுக்கு அடிக்கோடிட வேண்டா. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அப்பத்தி என்ன வேலை செய்கிறது என்று இரண்டு மூன்று சொற்களில் தமிழில் குறியுங்கள்: 'பழைய கருத்து', 'மறுப்பு', 'சான்று', 'வரம்பு'. மேலே கண்ட ஏரிப் பத்தியின் முதல் வாக்கியத்திற்கு எதிரே 'பழைய கருத்து' என்று குறித்திருந்தால், அதை ஆசிரியரின் முடிவாக மாற்றியிருக்கவே முடியாது.

இரண்டாம் படி, வாய்மொழி. கட்டுரையை மூடிவிட்டு, அறை நண்பரிடம் இரண்டு நிமிடம் அதைச் சொல்லுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ சொல்லலாம். கலைச்சொற்கள் ஆங்கிலமாகவே கலந்து வந்தாலும் தடையில்லை. கேட்பவர் மூன்று வினாக்களை மட்டும் கேட்க வேண்டும். 'யார் சொல்கிறார்?', 'எதைப் பார்த்துச் சொல்கிறார்?', 'அடித்துச் சொல்கிறாரா, இருக்கலாம் என்கிறாரா?' தாய்மொழியில் பேசும்போது 'என்று'ம் 'ஆம்'மும் தாமே வந்து விழும். "எல்லாரும் வண்டல்தான் காரணம் என்கிறார்களாம், இவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள்" என்று சொன்ன வாய், ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டை எளிதில் கைவிடாது. இப்படியில் தடுமாறினால், சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, கட்டுரை இன்னும் விளங்கவில்லை என்று பொருள். முதற்படிக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாம் படி, எழுத்து. குறைந்தது அரை மணி நேரம் கழித்து, மூலத்தைத் திறக்காமல், ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள் எழுதுங்கள். முதல் வாக்கியத்தின் எழுவாய் ஆசிரியராகவே இருக்கட்டும். அவருடைய கருத்து தொடரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'தே' என்றோ 'த ஆதர்ஸ்' என்றோ மீண்டும் சுட்டுங்கள். உங்கள் கருத்து தொடங்கும் இடத்தில் 'ஹவெவர்', 'இன் திஸ் ஸ்டடி' போன்ற தொடரால் வாசகரைத் திருப்புங்கள். தமிழின் 'என்று' இட்ட வேலியை ஆங்கிலத்தில் இவ்வாறுதான் கட்ட முடியும்.

இப்படியில் வினைச்சொல் தேர்வு மிகவும் முக்கியம். நம் மாணவர்களின் இரண்டாம் இயலில் 'ஸ்டேட்ஸ்' அல்லது 'செஸ்' என்ற ஒற்றை வினை நூறு முறை வருவதைக் காணலாம். வேறுபாடு வேண்டி அவற்றுக்குப் பதிலாக 'ப்ரூவ்ஸ்' இடுவது அதைவிடத் தீது. தமிழில் 'ஏரி வறண்டது என்று கருதுகிறார்' என்றால், வறண்டதா இல்லையா என்பதற்கு நான் பொறுப்பேற்கவில்லை. 'ஏரி வறண்டது என்பதைக் காட்டுகிறார்' என்றால், அது உண்மை என்று நானும் ஒப்புகிறேன். 'என்று'வுக்கும் 'என்பதை'க்கும் இடையே உள்ள இவ்வேறுபாடே, ஏறத்தாழ, 'ஆர்கியூ', 'சஜெஸ்ட்', 'கிளெய்ம்' ஒரு பக்கமும், 'ஷோ', 'டெமான்ஸ்ட்ரேட்' மறுபக்கமும் நிற்பதற்குக் காரணம். எந்த வினையை இடுவது என்று ஐயம் எழுந்தால், தமிழில் 'என்று' சொல்வேனா, 'என்பதை' சொல்வேனா என்று கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நான்காம் படி, சரிபார்ப்பு. இப்போது மூலத்தைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள். கலைச்சொற்கள் மாறாமல் இருக்கின்றனவா? ராஜகாலுவைக்கும் தூர்வாருதலுக்கும் மாற்றுச் சொல் தேடக்கூடாது. கலைச்சொல் எவர்க்கும் தனியுடைமையன்று. ஆசிரியரின் ஐயமும் வரம்பும் காப்பாற்றப்பட்டுள்ளனவா? 'மூன்று ஏரிகள்', 'இருக்கலாம்' இரண்டும் இருக்க வேண்டும். அவருக்கே உரிய தொடர் ஏதேனும் அப்படியே வந்துவிட்டதா? வந்திருந்தால் மேற்கோள் குறியிடுங்கள், அல்லது வாக்கியத்தைக் கலைத்து மீண்டும் கட்டுங்கள்.

ஏரிப் பத்தி இந்நான்கு படிகளைக் கடந்தால் இப்படி அமையும்: "நகர ஏரிகளின் நிலைக்கு வண்டலைக் காரணமாகக் காட்டும் பொதுக் கருத்தை இவ்வாய்வாளர்கள் ஏற்கவில்லை. மூன்று ஏரிகளை ஆராய்ந்த அவர்கள், ராஜகாலுவைகள் அடைபட்டது அதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம் என்றும், அவற்றைச் சீரமைக்காமல் தூர்வாருவதால் பயன் நீடிக்காது என்றும் வாதிடுகின்றனர். ஆயினும், ஒரே தொடரில் அமையாத ஏரிகளுக்கு இது பொருந்துமா என்பதை அவர்கள் ஆராயவில்லை. இவ்வாய்வு அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது." மூலத்தோடு பொதுவாக எஞ்சியவை கலைச்சொற்கள் மட்டுமே. யார் சொன்னது எது என்பதில் ஐயம் இல்லை. இவை அனைத்தையும்விட, மூன்றாம் வாக்கியம் பிறந்திருக்கிறது. சொற்களை மாற்றிக்கொண்டிருந்தவருக்கு அது தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஆய்வின் இடைவெளியைக் காண முடியவில்லை என்று புலம்பும் மாணவர் பலரின் சிக்கலும் இதுவே என்பது என் துணிபு.

இடையில் தாய்மொழியை நுழைப்பது ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்று அஞ்சும் நெறியாளர்கள் உள்ளனர். அவர்களுக்கு ஒரு நல்ல சான்று யாழ்ப்பாணத்திலிருந்து கிடைக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து பின்னர் அமெரிக்கா சென்ற மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா, 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதிய மூன்று கட்டுரைகளை அதில் ஒப்பிட்டார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில், ஒன்று உள்ளூர் வாசகருக்கு ஆங்கிலத்தில், மற்றொன்று வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மூன்றும் தொடங்கும் முறையிலும் வாதிடும் முறையிலும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டைத் தாய்மொழியின் தாக்கம் என்று விளக்க முடியவில்லை, ஏனெனில் ஒரே மொழியில் எழுதிய இரண்டும் வேறுபட்டிருந்தன. யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்து மொழிகளிடையே சென்று வரும் எழுத்தாளரைத்தான் கனகராஜா அதில் கண்டார். தாய்மொழியைக் குறையாகக் கருதும் பார்வையை அவர் அங்கே மறுக்கிறார்.

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. 'தி', 'அ' பிழைகளை இது திருத்தாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நேரமும் பிடிக்கும்: ஒரு கட்டுரைக்கு இடைவேளை நீங்கலாக ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே எல்லா மூலங்களுக்கும் செய்ய வேண்டா. ஆய்வு எவற்றின் மீது நிற்கிறதோ, அந்தப் பதினைந்து இருபது கட்டுரைகளுக்குச் செய்தால் போதும். செய்முறை இயலில், ஒரு சோதனையை விவரிக்கும் வழக்கமான வாக்கியங்கள் ஒருவர்க்கொருவர் ஒத்திருப்பது இயல்பு. அங்கே புதுமை தேடுவது வீண். 'இவ்வாய்வின் நோக்கம்', 'இம்முடிவுக்கு மாறாக' போன்ற பொதுத் தொடர்களையும் தயங்காமல் எடுத்தாளலாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லி தொகுத்த 'அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்' அத்தகைய தொடர்களை அவை செய்யும் வேலையின்படி வகைப்படுத்தி, எவரும் பயன்படுத்துமாறு தருகிறது.

நெறியாளர்களிடமும் துறைகளிடமும் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒப்புமை அறிக்கையில் எண்ணைப் பார்க்காமல் வண்ணமிட்ட பகுதிகளைப் பாருங்கள். இருநூறு பக்க ஆய்வேட்டில் 10 விழுக்காடு என்பது இருபது பக்கம். ஒன்பது விழுக்காட்டுக்குள் ஒரே மூலத்திலிருந்து எடுத்த முடிவுரை முழுவதும் ஒளிந்திருக்கலாம். பதினேழு விழுக்காடு முழுவதும் கருவிகளின் பெயர்களாலும் வழக்கமான செய்முறை வாக்கியங்களாலும் ஆகியிருக்கலாம். முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைத் திருத்தச் சொல்வது எவ்வகையிலும் நேர்மையைக் காப்பதாகாது. சொல் மாற்றிய எழுத்தை எண் காட்டாது, கண்தான் காட்டும். மூலத்தின் வாக்கிய வரிசையே வரைவிலும் இருக்கிறதா, ஒரு பத்தி முழுவதற்கும் இறுதியில் மட்டும் ஒரே சுட்டு வருகிறதா, கலைச்சொல் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று வடிவங்களில் மாறிமாறி வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருப்பின், அம்மாணவரை அழைத்து அப்பத்தியைத் தாய்மொழியில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கிவிட்டால் அவருக்குத் தேவை எழுத்துப் பயிற்சி. விளக்க முடியாவிட்டால் தேவை வாசிப்புப் பயிற்சி. இரண்டுக்கும் "பத்துக்குள் கொண்டு வா" என்பது மருந்தாகாது.

மற்றொன்று, அந்த முப்பது மணி நேரப் பாடத்தில் ஆறு மணி நேரத்தையேனும் எழுத்துக்கு ஒதுக்குங்கள். நால்வர் கொண்ட குழு, வாரம் ஒரு மூலப் பகுதி, ஆளுக்கு மூன்று வாக்கியம். நால்வர் எழுதியதையும் உரக்கப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டால், யார் ஐயத்தை உறுதியாக்கினார், யார் மறுக்கப்பட்ட கருத்தை ஏற்கப்பட்டதாக எழுதினார் என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். இதற்குப் புதிய நிதியோ புதிய மென்பொருளோ தேவையில்லை. விதி ஏற்கெனவே கட்டாயமாக்கியுள்ள பாடத்தின் கால அட்டவணையில் ஆறு மணி நேரத்தை மாற்றியமைத்தால் போதும்.